முதல் மதிப்பாய்வு அறிக்கை எழுதப் போகிறீர்களா? ஒரு நோக்கீட்டு ஆய்வை வைத்துப் படிப்படியாக

மருத்துவ இதழ் ஒன்றிலிருந்து எனக்கு முதல் மதிப்பாய்வு அழைப்பு வந்தபோது மூன்று இரவு உட்கார்ந்து 41 குறிப்புகள் எழுதினேன். எழுத்துப் பிழை, அட்டவணையில் விடுபட்ட தசமப் புள்ளி, மேற்கோள் வரிசை மாறியது என்று எதையும் விடவில்லை. முடிவுக் கடிதம் வந்தபோது அதோடு இன்னொரு மதிப்பாய்வாளரின் அறிக்கையும் இருந்தது. அவர் ஆறே வரி எழுதியிருந்தார். அந்த ஆய்வில் மருந்து எடுத்தவர் யார், எடுக்காதவர் யார் என்று பிரித்த விதமே தவறு என்று அந்த ஆறு வரி காட்டியது. என் 41 குறிப்புகளில் அது இல்லை.

அடுத்த முறை அப்படிப்பட்ட தவறை நானே கண்டுபிடித்துவிட்டேன். அந்தச் சூட்டில், "ஆய்வாளர்களுக்கு அடிப்படையே புரியவில்லை" என்று எழுதிவிட்டேன். எடிட்டர் அந்த வரியை நீக்கச் சொல்லி அறிக்கையைத் திருப்பி அனுப்பினார். சரி, இனி மென்மையாக எழுதுவோம் என்று மூன்றாவது அறிக்கையில் "இதைப் பற்றிச் சற்று யோசிக்கலாம்" என்ற பாணிக்குப் போனேன். ஆய்வாளர்கள் யோசித்துவிட்டு ஒன்றையும் மாற்றாமல் திருப்பி அனுப்பினார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை. மாற்றியே ஆக வேண்டும் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை.

இந்த மூன்று தவறையும் நீங்கள் செய்யாமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன். மருத்துவமனைப் பதிவேடுகளை வைத்துச் செய்யும் நோக்கீட்டு ஆய்வுகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். யாருக்கு எந்த மருந்து என்று ஆய்வாளர்கள் தீர்மானிக்காமல், நடந்ததை மட்டும் பார்த்துச் செய்யும் ஆய்வுகள் அவை. புதிதாக மதிப்பாய்வு செய்பவர்களிடம் அதிகம் வந்து சேர்வது அவைதான்.

## 1. அழைப்புக்கு இரண்டு நாளுக்குள் பதில் சொல்லுங்கள்

அழைப்பு மின்னஞ்சலில் தலைப்பும் சுருக்கமும் மட்டும் இருக்கும். முழுக் கட்டுரையை ஒப்புக்கொண்ட பிறகுதான் திறக்க முடியும். கெடு இதழுக்கு இதழ் மாறும். பெரும்பாலும் இரண்டு மூன்று வாரம் தருவார்கள். முடியாது என்றால் உடனே சொல்லிவிடுங்கள். ஒப்புக்கொண்டு இழுத்தடிப்பதைவிட முதல் நாளே மறுப்பது எடிட்டருக்கும் ஆய்வாளர்களுக்கும் நல்லது. மறுக்கும்போது அந்தத் துறையில் தெரிந்த இரண்டு பேரைப் பரிந்துரைத்தால் எடிட்டர் நன்றியோடு நினைப்பார்.

ஒப்புக்கொள்ளும் முன் மூன்று விஷயம் பாருங்கள். ஆய்வாளர்களில் யாரோடாவது அண்மையில் சேர்ந்து கட்டுரை எழுதியிருக்கிறீர்களா, ஒரே நிறுவனத்தில் இருக்கிறீர்களா, அதே கேள்வியில் உங்கள் கட்டுரை ஒன்று காத்திருக்கிறதா? இதில் எது உண்டு என்றாலும் எடிட்டருக்கு எழுதிக் கேளுங்கள், நீங்களே முடிவெடுக்காதீர்கள். அடுத்தது நேரம். என் கணக்கில் முதல் அறிக்கைக்கு எட்டு மணி நேரம் ஆகும், அதையும் நான்கைந்து நாளில் பிரித்துச் செய்ய வேண்டும். மூன்றாவது, இதழ் உண்மையானதா என்பது. உங்கள் துறைக்குச் சம்பந்தமில்லாத கட்டுரை, மூன்று நாள் கெடு, அளவுக்கு மீறிய புகழ்ச்சி, இதெல்லாம் சேர்ந்து வந்தால் அந்த அழைப்பை விட்டுவிடுங்கள்.

செலவு என்று எதுவும் இல்லை. பெரும்பாலான இதழ்கள் வரவும் தருவதில்லை. உங்களிடம் யாராவது பணம் கேட்டால் அது மோசடி. சில பதிப்பகங்கள் மதிப்பாய்வு செய்பவருக்குத் தங்கள் தரவுத்தளத்தைச் சில வாரம் இலவசமாகத் திறந்துவிடும். அந்தச் சலுகை இருக்கிறதா என்று அழைப்பிலேயே பாருங்கள், மேற்கோள் கட்டுரைகளைத் திறந்து பார்க்க உதவும்.

இன்னொன்று, கட்டுரை இரகசியம். நண்பருக்கு அனுப்பக் கூடாது, வகுப்பில் காட்டக் கூடாது. உங்களிடம் படிக்கும் மாணவரைச் சேர்த்துச் செய்ய நினைத்தால் முதலில் எடிட்டரிடம் அனுமதி வாங்குங்கள், அறிக்கையில் அவர் பெயரையும் கொடுங்கள். இங்கே நான் தரும் எடுத்துக்காட்டும் இதே காரணத்துக்காக நானே கட்டியது. யாருடைய கட்டுரையும் அல்ல.

## 2. என்னென்ன ஆவணம் வந்திருக்கிறது என்று பாருங்கள்

முதன்மைக் கட்டுரையை மட்டும் இறக்கிப் படிப்பதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்வது. இணைப்புக் கோப்புகளையும் இறக்குங்கள். யாரைச் சேர்த்தார்கள், யாரை விட்டார்கள், மருந்துக் குறியீடுகளை எப்படி எடுத்தார்கள் என்பதெல்லாம் பெரும்பாலும் இணைப்பில்தான் ஒளிந்திருக்கும். நெறிமுறைக் குழு அனுமதி எண், ஆய்வுத் திட்டம் முன்கூட்டியே பதிவு செய்யப்பட்டிருந்தால் அதன் பிரதி, ஸ்ட்ரோப் பட்டியல் ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள்.

ஸ்ட்ரோப் என்பது 2007-இல் வெளியான 22 அம்சப் பட்டியல். நோக்கீட்டு ஆய்வைப் பற்றி எழுதும்போது எதையெல்லாம் தெரிவிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. இதில் ஒரு பொறி இருக்கிறது. 22-க்கு 22 டிக் அடித்திருந்தால் ஆய்வு நல்லது என்று அர்த்தமில்லை. தவறாகச் செய்ததையும் முழுமையாகத் தெரிவிக்க முடியும். நான் முதலில் சொன்ன அந்த 41 குறிப்புக் கட்டுரையில் ஸ்ட்ரோப் பட்டியல் கச்சிதமாக இருந்தது, நானும் அதை மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தேன்.

தரவு எங்கிருந்து வந்தது, அதை யார் பார்த்திருக்கிறார்கள் என்று ஒரு வரியிலாவது தெளிவு வேண்டும். 2020 ஜூனில் கொரோனா தொடர்பான இரண்டு பெரிய நோக்கீட்டு ஆய்வுகள் லான்செட்டிலிருந்தும் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினிலிருந்தும் திரும்பப் பெறப்பட்டன. மூலத் தரவைச் சரிபார்க்க முடியவில்லை என்பதுதான் காரணம். ஆகவே "தரவு எந்த மருத்துவமனைகளிலிருந்து, எந்த அனுமதியோடு, யார் வழியாக வந்தது?" என்று கேட்கத் தயங்காதீர்கள். அந்தக் கேள்வியில் அவமரியாதை எதுவும் இல்லை.

## 3. முதல் வாசிப்பில் ஒரு காலக்கோடு வரையுங்கள்

பேனாவை எடுத்து எழுத்துப்பிழையை வட்டமிட ஆரம்பிக்காதீர்கள். முதல் வாசிப்பில் ஒரு வெள்ளைத் தாளில் ஒரு கோடு மட்டும் போடுங்கள். அதில் மூன்று புள்ளி குறிக்க வேண்டும். ஒரு நோயாளி எந்த நாளில் ஆய்வுக்குள் தகுதி பெறுகிறார்? எந்த நாளில் அவருக்கு மருந்து எடுத்தவர் அல்லது எடுக்காதவர் என்ற பெயர் விழுகிறது? எந்த நாளிலிருந்து மரணத்தை எண்ண ஆரம்பிக்கிறார்கள்?

மூன்றும் ஒரே நாளில் விழுந்தால் பெரும்பாலும் அடித்தளம் சரி. விழவில்லை என்றால் அங்கேதான் தோண்ட வேண்டும். எடுத்துக்காட்டைப் பார்ப்போம்.

காசநோயும் சர்க்கரை நோயும் சேர்ந்த 600 பேர் என்று வைத்துக்கொள்வோம். காசநோய் சிகிச்சை ஆறு மாதம். கட்டுரையின் முடிவு: சிகிச்சைக் காலத்தில் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரை எடுத்தவர்களில் இறந்தவர் 10 சதவீதம், எடுக்காதவர்களில் 26 சதவீதம். ஆகவே மெட்ஃபார்மின் காசநோய் மரணத்தை 62 சதவீதம் குறைக்கிறது.

கேட்க நன்றாக இருக்கிறது. இப்போது செய்முறைப் பகுதியில் உள்ள ஒரு வரியைப் பாருங்கள்: "ஆறு மாதச் சிகிச்சைக் காலத்தில் எப்போதாவது ஒரு முறையேனும் மெட்ஃபார்மின் பெற்றவர்கள் மருந்துக் குழுவில் சேர்க்கப்பட்டனர்." மரணத்தை எண்ணுவதோ சிகிச்சை தொடங்கிய முதல் நாளிலிருந்து. காலக்கோட்டில் இரண்டு புள்ளிகள் ஒட்டவில்லை. "எப்போதாவது" என்ற சொல்லைக் கண்டால் நின்றுவிடுங்கள்.

## 4. தவறு எவ்வளவு பெரியது என்று நீங்களே கணக்குப் போடுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிவிடுகிறார்கள். கண்டிப்பையும் மரியாதையையும் சேர்த்துத் தருவது இந்தக் கணக்குதான் என்பது என் அனுபவம். ஆகவே கொஞ்சம் நிதானமாகப் போகலாம்.

மெட்ஃபார்மினுக்கு எந்தப் பலனும் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. நடைமுறையில் என்ன நடக்கிறது? மிகவும் முடியாமல் வருபவரை வார்டில் சேர்த்து இன்சுலின் போடுகிறார்கள். உடம்பு தேறி, வாயால் சாப்பிட ஆரம்பித்து, வீட்டுக்குப் போகும் நிலை வந்த பிறகுதான் மாத்திரைக்கு மாற்றுகிறார்கள். கணக்கு எளிதாக இருக்க, மாத்திரை எல்லோருக்கும் இரண்டாவது மாத முடிவில்தான் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம்.

முதல் இரண்டு மாதத்தில் 600 பேரில் 60 பேர் இறக்கிறார்கள். மீதி 540. அதில் பாதி, 270 பேருக்கு மெட்ஃபார்மின் தொடங்குகிறார்கள், 270 பேருக்குத் தொடங்கவில்லை. அடுத்த நான்கு மாதத்தில் இரண்டு பக்கமும் சரியாக 27 பேர் இறக்கிறார்கள். மருந்துக்குப் பலன் இல்லை என்றுதானே வைத்துக்கொண்டோம்.

இப்போது கட்டுரையாளர்கள் செய்தபடி பிரியுங்கள். மெட்ஃபார்மின் குழுவில் 270 பேர், இறந்தவர் 27, அதாவது 10 சதவீதம். எடுக்காத குழுவில் 270 பேரோடு முதல் இரண்டு மாதத்தில் இறந்த 60 பேரும் வந்து சேர்கிறார்கள். அவர்கள்தான் மருந்தைப் பார்க்கவே இல்லையே. ஆக 330 பேர், இறந்தவர் 87, அதாவது 26 சதவீதம். பலனே இல்லாத மருந்து மரணத்தை 62 சதவீதம் குறைத்துவிட்டது!

மெட்ஃபார்மின் குழுவில் சேர ஒருவர் இரண்டு மாதம் உயிரோடு இருந்தாக வேண்டும். அந்த இரண்டு மாதத்தில் அந்தக் குழுவில் யாரும் சாக முடியாது. அதனால்தான் இதற்கு இம்மார்ட்டல் டைம் பயஸ் என்று பெயர். தமிழில் சாகாநேரச் சாய்வு என்று சொல்லிக்கொள்ளலாம். வயது, எடை, சிறுநீரகம் என்று எத்தனை காரணிகளைச் சமன் செய்தாலும் இது போகாது. பிழை நோயாளிகளின் இயல்பில் இல்லை, பெயர் சூட்டிய நாளில் இருக்கிறது.

கட்டுரையில் இது இருக்கிறதா என்று அடையாளம் காண இன்னும் இரண்டு தடயம் உண்டு. உயிர்வாழ்வு வரைபடத்தில் மருந்துக் குழுவின் கோடு முதல் சில வாரம் கீழே இறங்காமல் படுக்கையாகப் போகும், மற்றக் குழுவின் கோடு முதல் நாளிலிருந்தே சரியும். இரண்டாவது, பலன் நம்ப முடியாத அளவுக்குப் பெரிதாக இருக்கும். ஒரு சாதாரண மாத்திரை மரணத்தைப் பாதிக்கு மேல் குறைக்கிறது என்று பார்த்தால் முதலில் காலக்கோட்டை வரையுங்கள்.

திருத்தும் வழியும் உங்கள் கையில் இருக்க வேண்டும். எளிய வழி, 60-ஆவது நாளை எல்லைக்கல்லாக வைப்பது. அன்று உயிரோடு இருப்பவர்களை மட்டும் எடுத்து, அதுவரை மருந்து தொடங்கியவர், தொடங்காதவர் என்று பிரித்து, அதற்குப் பிறகு நிகழும் மரணத்தை மட்டும் எண்ண வேண்டும். நம் கணக்கில் அப்போது 270-க்கு 27, 270-க்கு 27. வித்தியாசம் மறைந்துவிடுகிறது. ஆனால் முதல் இரண்டு மாதத்தில் இறந்தவர்களைப் பற்றி இந்த முறை எதுவும் சொல்லாது, அதைக் கட்டுரையில் ஒப்புக்கொள்ளச் சொல்லுங்கள். நிஜத்தில் மாத்திரை தொடங்கும் நாள் ஆளுக்கு ஆள் மாறும். அப்போது மருந்தைக் காலத்தோடு மாறும் காரணியாக வைப்பது மேல். அதாவது ஒருவர் மாத்திரை தொடங்கும்வரை உள்ள நாட்கள் எடுக்காதவர் கணக்கிலும், தொடங்கிய பிறகு உள்ள நாட்கள் எடுத்தவர் கணக்கிலும் போகும்.

## 5. மீதி உள்ளதைப் பெரியது, சிறியது என்று பிரியுங்கள்

பெரியது என்றால், அதைத் திருத்தினால் கட்டுரையின் முடிவு மாறக்கூடும். மற்றதெல்லாம் சிறியது. இந்த ஒரு கேள்வியை வைத்துப் பிரித்தால் என் 41 குறிப்பில் 40 சிறியவை. பெரியவை நான்கைந்துக்கு மேல் போனால் மறுபடி பாருங்கள், ஒரே வேரின் கிளைகளை நீங்கள் தனித்தனியாக எண்ணிக்கொண்டிருக்கலாம்.

நம் எடுத்துக்காட்டில் இரண்டாவது பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. சிறுநீரகம் மோசமாக உள்ளவருக்கு மெட்ஃபார்மின் கொடுப்பதில்லை. வடிகட்டும் திறன் 30-க்குக் கீழே போனால் கொடுக்கவே கூடாது. ஆகவே மருந்து கிடைக்காதவர்கள் ஏற்கனவே அதிகம் முடியாதவர்கள். மாத்திரையின் பலன் என்று தெரிவது, மாத்திரை எழுதும் அளவுக்கு உடம்பு நன்றாக இருந்ததன் பலனாக இருக்கலாம். சிறுநீரக அளவு பதிவேட்டில் இருந்தால் சேர்க்கச் சொல்லுங்கள். இல்லை என்றால், அது இல்லாததால் முடிவு எந்தப் பக்கம் சாயும் என்று எழுதச் சொல்லுங்கள். "அளவிடப்படாத காரணிகள் இருக்கலாம்" என்ற வழக்கமான ஒற்றை வரி போதாது. எந்தக் காரணி, எந்தத் திசையில் என்று வர வேண்டும்.

மூன்றாவது, இரண்டு மாத முடிவில் எடுத்த சளிப் பரிசோதனை முடிவையும் சமன் செய்யும் காரணியாகச் சேர்த்திருந்தால் கவனியுங்கள். மருந்து தொடங்கிய பிறகு வரும் அளவு அது என்றால், மருந்து வேலை செய்யும் வழியாகவே இருக்கலாம். வழியை அடைத்துவிட்டு ஊருக்குப் போக முடிகிறதா என்று பார்ப்பது போல ஆகிவிடும்.

கேட்கக் கூடாதவையும் உண்டு. பதிவேட்டு ஆய்வு செய்தவரிடம் "சீரற்ற முறையில் பிரித்த சோதனை செய்திருக்க வேண்டும்" என்று எழுதாதீர்கள். அது வேறு ஆய்வு. முடிவு வந்த பிறகு ஆய்வின் திறனை, அதாவது உண்மையான வித்தியாசம் இருந்தால் அதைக் கண்டுபிடிக்க எவ்வளவு வாய்ப்பு இருந்தது என்பதை, கணக்கிடச் சொல்லாதீர்கள். நம்பக இடைவெளி சொல்வதற்கு மேல் அது எதையும் சொல்லாது. உங்கள் கட்டுரைகளை மேற்கோள் காட்டச் சொல்லாதீர்கள். உண்மையிலேயே தேவை என்றால் எடிட்டருக்கு மட்டும் காரணத்தோடு எழுதுங்கள்.

## 6. எழுதும் வரிசை

அறிக்கையை ஆய்வின் சுருக்கத்தில் தொடங்குங்கள். நான்கைந்து வரி, உங்கள் சொந்தச் சொற்களில். இதை வெறும் சடங்கு என்று நினைத்திருந்தேன், ஆனால் அப்படி இல்லை. தங்கள் கட்டுரையைச் சரியாகப் புரிந்துகொண்டுதான் இவர் பேசுகிறார் என்று ஆய்வாளர்களுக்கு முதலில் தெரிந்தால்தான் அடுத்து வரும் கடுமையான குறிப்பைப் பொறுமையாகப் படிப்பார்கள். நீங்கள் தவறாகப் புரிந்துகொண்டிருந்தாலும் அந்தச் சுருக்கத்திலேயே எடிட்டருக்குத் தெரிந்துவிடும்.

அடுத்து நன்றாக இருப்பதில் ஒன்றிரண்டு, குறிப்பாக. "சுவாரசியமான, நன்கு எழுதப்பட்ட கட்டுரை" என்றால் யாருக்கும் பயனில்லை. "மருந்துக் கடைப் பதிவேட்டையும் சிகிச்சை அட்டையையும் ஒப்பிட்டு மருந்து கிடைத்த தேதியை உறுதி செய்திருப்பது இந்த ஆய்வின் பலம்" என்று எழுதினால், அந்தத் தேதிகளை வைத்துத்தான் நீங்கள் கேட்கப்போகும் திருத்தத்தைச் செய்ய முடியும் என்பதும் சேர்ந்தே புரியும்.

பிறகு பெரிய குறிப்புகள், எண் போட்டு. ஒவ்வொன்றிலும் நான்கு விஷயம் வரட்டும்: எங்கே இருக்கிறது (பக்கம், வரி), என்ன பிரச்சினை, அது முடிவை எந்தப் பக்கம் தள்ளுகிறது, என்ன செய்ய வேண்டும். அறிக்கையைப் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டியிருக்கும். இங்கே தொனியைக் காட்டுவதற்காகத் தமிழில் தருகிறேன். ஒரே குறிப்பு, மூன்று விதமாக.

சூட்டில் எழுதியது:

> ஆய்வாளர்கள் மிக அடிப்படையான தவறைச் செய்திருக்கிறார்கள். தொற்றுநோயியல் தெரிந்த யாரும் இப்படிச் செய்ய மாட்டார்கள். முடிவு முழுக்கத் தவறு.

பயந்து எழுதியது:

> மருந்துக் குழுவின் வரையறையைப் பற்றி ஆய்வாளர்கள் சற்று விவாதிக்க விரும்பலாம். வரம்புகள் பகுதியில் ஒரு வரி சேர்க்கலாம்.

இப்போது நான் எழுதுவது:

> பக்கம் 6, வரி 12: சிகிச்சைக் காலத்தில் எப்போதாவது மெட்ஃபார்மின் பெற்றவர்கள் மருந்துக் குழுவில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள், ஆனால் மரணம் சிகிச்சையின் முதல் நாளிலிருந்து எண்ணப்படுகிறது. மருந்து தொடங்கும் முன்பே இறந்தவர்கள் அனைவரும் இதனால் மருந்து எடுக்காத குழுவில் சேர்கிறார்கள். மருந்துக்குப் பலனே இல்லாவிட்டாலும் இந்த வரையறை பலன் இருப்பதுபோல் காட்டும். எடுத்துக்காட்டாக, 600 பேரில் 60 பேர் முதல் இரண்டு மாதத்தில் இறந்து, மீதியில் பாதிப் பேர் பிறகு மருந்து தொடங்கி, இரு பக்கமும் சமமாக 27 பேர் இறந்தால், மரண விகிதம் 10 சதவீதம், 26 சதவீதம் என்று வரும். இது இந்தக் கட்டுரையின் முதன்மை முடிவைப் பாதிக்கிறது. இப்போதுள்ள பகுப்பாய்வு அந்த முடிவைத் தாங்காது. மருந்து தொடங்கிய தேதிகள் ஆய்வாளர்களிடம் இருப்பதால், மருந்தைக் காலத்தோடு மாறும் காரணியாக வைத்தோ 60-ஆவது நாளை எல்லையாக வைத்தோ மறுபகுப்பாய்வு செய்து, அதையே முதன்மை முடிவாகத் தர வேண்டும். இதை வரம்புகள் பகுதியில் குறிப்பிடுவது மட்டும் போதாது.

மூன்றாவதைக் கவனியுங்கள். "தாங்காது", "செய்ய வேண்டும்", "போதாது" என்று கண்டிப்பான சொற்கள் இருக்கின்றன. ஆனால் ஒன்றுகூட ஆய்வாளர்களைப் பற்றியது அல்ல. எழுவாயாக வருவதெல்லாம் வரையறை, பகுப்பாய்வு, முடிவு. "நீங்கள்" என்ற சொல்லும் இல்லை. அதோடு அந்தக் குட்டிக் கணக்கு இருக்கிறது. அதிகாரத்தைக் காட்டி வாயை அடைக்கவில்லை, அவர்களே போட்டுப் பார்க்கட்டும் என்று கையில் கொடுக்கிறோம். யாரும் என்னை நம்ப வேண்டியதில்லை. இதைவிட மரியாதையான எதிர்ப்பு எனக்குத் தெரியவில்லை.

எங்கே "வேண்டும்" போடுவது, எங்கே "செய்யலாம்" போடுவது என்பதைக் கறாராக வைத்துக்கொள்ளுங்கள். பெரிய குறிப்புக்கு "வேண்டும்". என் ருசிக்காகச் சொல்வதற்கு "செய்யலாம், இது ஆய்வாளர்களின் விருப்பம்". இரண்டையும் கலந்தால் எதைச் செய்தே ஆக வேண்டும் என்று ஆய்வாளர்களுக்கும் புரியாது, எடிட்டருக்கும் புரியாது.

உறுதியில்லாத இடத்தில் கேள்வியாகவே கேளுங்கள். "சர்க்கரை அளவு 600 பேரில் எத்தனை பேருக்கு இருந்தது? அட்டவணை 2-இல் எண்ணிக்கை குறைவது அதனாலா?" இது பாசாங்குக் கேள்வி இல்லை. எனக்கு விடை தெரியாது, தெரிந்தால்தான் மதிப்பிட முடியும். விடை தெரிந்ததைக் கேள்வி வேடம் போட்டுக் கேட்டால் அது குத்தலாகத்தான் போய்ச் சேரும்.

முடிவுரையின் வினைச்சொல்லையும் பாருங்கள். "குறைக்கிறது", "தடுக்கிறது" என்று தலைப்பிலும் சுருக்கத்திலும் இருந்து, உள்ளே மட்டும் "தொடர்பு காணப்பட்டது" என்று இருக்கும். செய்தியாளர்களும் அவசரத்தில் இருக்கும் மருத்துவர்களும் படிப்பது சுருக்கத்தைத்தான். இரண்டையும் ஒன்றாக்கச் சொல்லுங்கள்.

சிறிய குறிப்புகளுக்குப் பத்து வரி போதும். ஆங்கில நடையைத் திருத்துவது உங்கள் வேலை இல்லை. பொருள் புரியாத இடத்தை மட்டும் சுட்டுங்கள். "தாய்மொழி பேசுபவரிடம் காட்டுங்கள்" என்ற வாக்கியத்தை நானே வாங்கியிருக்கிறேன். எந்த வாக்கியம் புரியவில்லை என்று அதில் இல்லை. வாங்கியவருக்கு அது உதவாது, வலிக்க மட்டும் செய்யும்.

## 7. எடிட்டருக்கான பெட்டியில் என்ன எழுதுவது

சமர்ப்பிக்கும் பக்கத்தில் வழக்கமாக இரண்டு பெட்டி இருக்கும். ஒன்று ஆய்வாளர்களுக்கு, இன்னொன்று எடிட்டருக்கு மட்டும். ஏற்கலாம், சிறு திருத்தம், பெரும் திருத்தம், நிராகரிப்பு என்ற பரிந்துரையையும் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தப் பரிந்துரையை ஆய்வாளர்களுக்கான பெட்டியில் எழுதாதீர்கள். முடிவு எடிட்டருடையது. நீங்கள் "ஏற்கலாம்" என்று எழுதி அவர் நிராகரித்தால் ஆய்வாளர்களுக்கு வீண் குழப்பம்.

இங்கே புதியவர்கள் விழும் பள்ளம், ஆய்வாளர்களிடம் இனிக்க இனிக்கப் பேசிவிட்டு எடிட்டரிடம் "இது தேறாது" என்று போட்டுக்கொடுப்பது. அப்படிச் செய்தால் எடிட்டர் எந்தக் காரணத்தைக் காட்டி நிராகரிப்பார்? இரண்டு பெட்டியிலும் ஒரே மதிப்பீடு இருக்கட்டும். எடிட்டருக்கு மட்டும் என்று உள்ள இடம் மூன்று விஷயத்துக்குத்தான்: உங்கள் தொடர்பு பற்றிய தகவல், உங்களால் மதிப்பிட முடியாத பகுதி ("புள்ளியியல் நிபுணர் ஒருவர் இணைப்பு 3-ஐப் பார்ப்பது நல்லது"), தரவு அல்லது நெறிமுறை பற்றிய சந்தேகம். கடைசியில் சொன்னதை ஆய்வாளர்கள்மேல் நேரடியாக எழுதாதீர்கள். நீங்களே துப்பறியவும் போகாதீர்கள். எண்கள் எங்கே ஒத்துப்போகவில்லை என்று மட்டும் எடிட்டரிடம் சொல்லுங்கள்.

நம் எடுத்துக்காட்டுக்கு நான் தேர்ந்தெடுப்பது பெரும் திருத்தம். பிழை பெரியது, ஆனால் தேதிகள் இருப்பதால் திருத்த முடியும். மருந்து தொடங்கிய தேதியே பதிவேட்டில் இல்லை, திருத்தவே வழியில்லை என்றால் நிராகரிப்பு. திருத்த முடியுமா என்பதுதான் எனக்கு அளவுகோல்.

## 8. ஓர் இரவு விட்டு அனுப்புங்கள்

என் அட்டவணை இப்படி. முதல் நாள் காலக்கோட்டோடு ஒரு வாசிப்பு, ஒன்றரை மணி நேரம். இரண்டாம் நாள் இணைப்புகளும் அட்டவணைகளும், இரண்டு மணி நேரம். மூன்றாம் நாள் கணக்கும் பெரிய குறிப்புகளும், மூன்று மணி நேரம். நான்காம் நாள் எதையும் தொடுவதில்லை. ஐந்தாம் நாள் காலையில் அறிக்கையை உரக்கப் படித்துவிட்டு அனுப்புகிறேன். உரக்கப் படிக்கும்போது, அந்த ஆய்வாளர் என் எதிரில் உட்கார்ந்திருந்தால் இந்த வாக்கியத்தைச் சொல்வேனா என்று பார்க்கிறேன். சொல்ல மாட்டேன் என்றால் மாற்றுகிறேன். மதிப்பாய்வாளர் பெயரை வெளியிடும் இதழ்களும் இருக்கின்றன, அழைப்பிலேயே அதைப் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

கெடு தாண்டும் போலிருந்தால் மூன்று நாள் முன்பே எடிட்டருக்கு ஒரு வரி போடுங்கள். பெரும்பாலும் ஒரு வாரம் கூடுதலாகத் தருவார்கள்.

## 9. திருத்தம் திரும்பி வரும்போது

சில மாதம் கழித்துத் திருத்திய கட்டுரை வரும், கூடவே ஒவ்வொரு குறிப்புக்கும் ஆய்வாளர்களின் பதில் வரும். பதில் கடிதத்தை மட்டும் நம்பிவிடாமல் கட்டுரையில் மாற்றம் உண்மையிலேயே நடந்திருக்கிறதா என்று பாருங்கள். சில சமயம் புதிய பகுப்பாய்வை இணைப்பில் போட்டுவிட்டுப் பழைய 62 சதவீதத்தைச் சுருக்கத்தில் அப்படியே விட்டிருப்பார்கள். அப்போது மறுபடி கேட்க வேண்டியதுதான். ஆனால் முதல் சுற்றில் இருந்தும் நீங்கள் கவனிக்காமல் விட்ட சின்ன விஷயங்களை இப்போது புதிதாக எடுக்காதீர்கள். விட்டது பெரிய பிழை என்றால், முதல் முறை நான் கவனிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டு எழுதுங்கள்.

அவர்கள் உங்களோடு உடன்படாமல் காரணம் சொல்லியிருந்தால் அதை நிதானமாகப் படியுங்கள். ஒருமுறை நான் கேட்ட சமன் செய்யும் காரணி ஒன்று மருந்துக்குப் பிறகு அளக்கப்பட்டது என்று ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். அவர்கள் சொன்னது சரி. "இந்தக் குறிப்பைத் திரும்பப் பெறுகிறேன், ஆய்வாளர்களின் விளக்கம் சரியானது" என்று எழுதினேன்.

நம் 600 பேர் ஆய்வில் மறுபகுப்பாய்வு செய்தால் பலன் மறைந்துவிடும். அந்த முடிவோடு கட்டுரையைத் திருப்பி அனுப்ப ஆய்வாளர்களுக்கு மனம் கனத்திருக்கும். இனி யார் வெளியிடுவார்கள் என்று நினைப்பார்கள். இந்த இடத்தில் உங்கள் இரண்டாவது அறிக்கையில் ஒரு பத்தியை இதற்கென்றே ஒதுக்குங்கள்: கேள்வி முக்கியமானது, தேதிகளைச் சரியாகக் கையாண்ட பிறகு வித்தியாசம் தெரியவில்லை, இதே கேள்வியைப் பழைய வரையறையோடு அணுகுபவர்களுக்கு இந்த ஒப்பீடு பயன்படும், ஆகவே இரண்டு பகுப்பாய்வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே அட்டவணையில் தர வேண்டும். எடிட்டர் பெட்டியிலும் அதையே எழுதிவிட்டு, பலன் இல்லை என்ற முடிவுக்காக இதை நிராகரிக்க வேண்டாம் என்று வெளிப்படையாகக் கேளுங்கள்.